யூஎஸ்டிடி ஜோடியா, பிட்கொயின் ஜோடியா? லாபக் கணக்கு ஏமாற்றாமல் இருக்க ஒரு முழு வழிகாட்டி

2024 முடிந்த கையோடு என் மருமகன் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். கைபேசியை நீட்டி, "மாமா, ஆயிரம் டொலர் போட்டன். இப்ப ஆயிரத்து இருநூறு தாண்டிட்டுது" என்றான். ஜனவரி தொடக்கத்தில் 500, ஜூலை தொடக்கத்தில் 500, இரண்டுக்கும் ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தை வாங்கி அப்படியே வைத்திருந்தான். திரையில் பச்சை நிறத்தில் 21 சதவீதம் லாபம் காட்டியது.

அதே நாட்களில் அதே பணத்துக்குப் பிட்கொயின் வாங்கியிருந்தால் அந்தக் கணக்கில் 1,800 டொலருக்கு மேல் இருந்திருக்கும். அப்படியென்றால் அவனுக்கு வந்தது லாபமா, நட்டமா? எதில் அளக்கிறோம் என்று முடிவு செய்யாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. புதிதாக வருகிற பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். கீழே உள்ள படிகளை அவனோடு உட்கார்ந்து செய்த அதே வரிசையில் எழுதுகிறேன். வரிசையை மாற்றினால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

## 1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

எக்ஸ்சேஞ்சில் இருந்து உங்கள் வாங்கல் விற்றல் பதிவு முழுவதையும் கோப்பாக இறக்குங்கள். பணம் போட்ட, எடுத்த பதிவு வழக்கமாகத் தனிக் கோப்பாக வரும், அதுவும் வேண்டும். திரையில் தெரியும் மொத்த லாப எண்ணை நம்பித் தொடங்காதீர்கள். அது எந்த நாணயத்தில், எந்தத் தேதியில் இருந்து கணக்கிட்டது என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை.

அப்புறம் நேரம். இந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை யூடிசி நேரத்தில் இருக்கும். கொழும்பு அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னே. வரைபடத்தில் ஒரு நாளின் விலை ஓட்டத்தைக் காட்டும் நாள் மெழுகுவர்த்தி நமக்கு விடிகாலை 5.30க்குத்தான் மூடுகிறது. நீங்கள் செவ்வாய்க்கிழமை அதிகாலை 2 மணிக்குச் செய்த வியாபாரம் கோப்பில் திங்கட்கிழமையாகப் பதிவாகியிருக்கும். இதைக் கவனிக்காமல் நம் நாட்காட்டித் தேதிக்குப் பிட்கொயின் விலையை எடுத்தால், விலை வேகமாக ஓடிய நாட்களில் கணக்கு சில சதவீதம் பிசகும். எல்லாவற்றையும் யூடிசியிலேயே வைத்திருப்பது நல்லது. மாற்றப் போய்த்தான் பிழை வருகிறது.

மூன்றாவதாக ஓர் எக்செல் தாள். வேறு எதுவும் தேவையில்லை.

## 2. ஜோடியின் வலப்பக்கத்தைப் படியுங்கள்

`ETHUSDT` என்றால் ஒரு ஈதருக்கு, டொலருக்குச் சமமாக வைக்கப்படும் நாணயமான யூஎஸ்டிடி எத்தனை. `ETHBTC` என்றால் ஒரு ஈதருக்கு எவ்வளவு பிட்கொயின். இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் அதை அளக்கிற படி. படி மாறினால் அதே பொருளின் எடை வேறாகத் தெரியும்.

இந்த ஜோடிகள் ஒன்றையொன்று சாராமல் ஓடுவதில்லை. மூன்று விலைகளில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும்:

```
ETHBTC = ETHUSDT / BTCUSDT
```

இந்தச் சமன்பாடு கொஞ்சம் விலகினாலும், மூன்று ஜோடியையும் சுற்றி வாங்கி விற்று அந்த வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளத் தானியங்கி நிரல்கள் காத்திருக்கின்றன. அதனால் நல்ல புழக்கம் உள்ள கொயின்களில் இது எப்போதும் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும்.

2024இன் எண்களைப் போட்டுப் பார்ப்போம். எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் சிறிது மாறும் என்பதால் முழு எண்ணாக்கித் தருகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் பிட்கொயின் 42,300 டொலர், ஈதர் 2,280. ஆண்டு முடிவில் பிட்கொயின் 93,400, ஈதர் 3,330. டொலரில் ஈதர் 46 சதவீதம் ஏறியிருக்கிறது, பிட்கொயின் 121 சதவீதம். பிட்கொயினில் அளந்தால் ஈதர் சுமார் 0.0539இல் இருந்து 0.0357க்கு விழுந்திருக்கிறது. அதாவது 34 சதவீதம் இறக்கம்.

இங்கே அநேகமாக எல்லோரும் ஒரு தவறு செய்வார்கள். 121இல் 46ஐக் கழித்து, "75 சதவீதம் பின்தங்கிவிட்டது" என்பார்கள். சதவீதங்களைக் கழிக்கக் கூடாது. மடங்குகளை வகுக்க வேண்டும். 1.46ஐ 2.21ஆல் வகுத்தால் 0.66 வரும். மிச்சம் 34 சதவீதம்தான் நட்டம். சின்ன நகர்வுகளில் கழித்தலும் வகுத்தலும் ஏறக்குறைய ஒரே விடையைத் தருவதால் இந்தத் தவறு மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். பெரிய ஆண்டு ஒன்று வரும்போதுதான் வெடிக்கும்.

## 3. ஜோடிக்கு முன் அளவுகோலை முடிவு செய்யுங்கள்

எந்த ஜோடியில் வியாபாரம் செய்வது, எந்த நாணயத்தில் அளப்பது: இவை இரண்டு வெவ்வேறு முடிவுகள். `ETHUSDT`இல் வாங்கிவிட்டுப் பிட்கொயினில் அளக்கலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் பழகாதவர்கள் ஜோடியைத் தெரிவு செய்யும்போதே, தெரியாமலேயே அளவுகோலையும் தெரிவு செய்துவிடுகிறார்கள். பிறகு திரை காட்டும் எண்ணைத் தங்கள் திறமைக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அளவுகோலைத் தெரிவு செய்ய நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த வியாபாரத்தில் இறங்காமல் இருந்திருந்தால் இந்தப் பணம் எங்கே இருந்திருக்கும்?

"பிட்கொயினாகவே கிடந்திருக்கும்" என்றால் உங்கள் அளவுகோல் பிட்கொயின். ஈதரோ வேறெதுவோ வாங்குவதற்கு நீங்கள் கொடுக்கிற உண்மையான விலை, கைவிடுகிற பிட்கொயின்தான். "டொலராகவோ வங்கியிலோ இருந்திருக்கும்" என்றால் அளவுகோல் டொலர். அடுத்த ஆண்டு தங்கையின் கல்யாணத்துக்கு எடுக்க வேண்டிய காசைப் பிட்கொயினில் அளந்து, "பிட்கொயினை விட நன்றாகச் செய்தேன்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. மண்டபத்துக்காரர் பிட்கொயினின் மிகச் சிறிய துண்டான சதோஷியில் காசு வாங்கப் போவதில்லை.

மருமகனிடம் கேட்டேன். "ஈதர் வாங்காட்டி பிட்கொயின்தான் மாமா வாங்கியிருப்பன்" என்றான். அப்போதே அவனுடைய 21 சதவீதத்தின் அர்த்தம் மாறிவிட்டது.

பதிலை எழுதித் தேதியும் போட்டு வையுங்கள். ஏனென்றால் மனம் குறுக்கு வழி தேடும். சந்தை ஏறும்போது டொலர் எண் அழகாக இருக்கும், விழும்போது பிட்கொயின் எண் அழகாக இருக்கும். 2022ஐப் பாருங்கள். பினான்ஸ் எக்ஸ்சேஞ்சின் நாணயமான பிஎன்பி ஏறத்தாழ 511 டொலரில் தொடங்கி 246இல் முடிந்தது. டொலரில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதே ஆண்டு பிட்கொயின் 46,300இல் இருந்து 16,550க்கு விழுந்தபடியால், பிட்கொயினில் அளந்தால் பிஎன்பி சுமார் 35 சதவீதம் லாபம். இரண்டு எண்ணும் உண்மை. இருந்தாலும் 1,000 டொலர் 480 ஆனவருக்கு "35 சதவீதம் லாபம்" என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று.

## 4. சும்மா கிடக்கும் பணம் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்

செயல்திறனை அதிகமாகத் திரிப்பது வியாபாரம் நடக்கும் நேரம் அல்ல, நடக்காத நேரம். யூஎஸ்டிடி ஜோடியில் விற்றால் கையில் வருவது டொலருக்குச் சமமான ஒன்று. சந்தையை விட்டு வெளியே நிற்கிறீர்கள். பிட்கொயின் ஜோடியில் விற்றால் கையில் வருவது பிட்கொயின். "லாபத்தை எடுத்துவிட்டேன்" என்று நினைத்துத் தூங்கப் போகிறவர், உண்மையில் முழுத்தொகையையும் பிட்கொயினில் வைத்துவிட்டுத்தான் தூங்குகிறார்.

எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று சொல்லும் ஒரே சைகையை இரண்டு கணக்குகளில் ஓட்டிப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. இரண்டிலும் தொடக்கம் 1,000 டொலர்; பிட்கொயின் விலை 50,000. எனவே இரண்டாவது கணக்கில் 0.02 பிட்கொயின்.

முதல் மாதம் சைகை எதுவும் இல்லை. பிட்கொயின் 50,000இல் இருந்து 55,000 ஆகிறது. இரண்டாம் மாதத் தொடக்கத்தில் இரண்டு கணக்கும் ஈதர் வாங்குகின்றன, மாத முடிவில் விற்கின்றன. அந்த மாதத்தில் ஈதர் 2,750இல் இருந்து 2,880 ஆகிறது. பிட்கொயின் 55,000இல் இருந்து 60,000 ஆகிறது. அதனால் `ETHBTC` 0.050இல் இருந்து 0.048க்கு இறங்குகிறது. மூன்றாம் மாதம் மறுபடியும் சும்மா. பிட்கொயின் 66,000 ஆகிறது.

யூஎஸ்டிடி கணக்கில் மூன்று மாத முடிவில் 1,047 டொலர், அதாவது 4.7 சதவீத லாபம். பிட்கொயின் கணக்கில் 0.0192 பிட்கொயின், அதாவது 4 சதவீத நட்டம். ஆனால் அந்த 0.0192ஐ 66,000ஆல் பெருக்கினால் 1,267 டொலர்! 26.7 சதவீத லாபம் என்று பீற்றிக்கொள்ளலாம்.

வாங்கிய நேரம் ஒன்று, விற்ற நேரம் ஒன்று, வாங்கிய பொருளும் ஒன்று. ஆனால் லாபம் 4.7, நட்டம் 4, லாபம் 26.7 என்று மூன்று விடைகள். கடைசி எண்ணில் சைகையின் பங்கு ஒன்றுமில்லை, சொல்லப்போனால் கெடுத்திருக்கிறது. எதுவும் செய்யாமல் 0.02 பிட்கொயினை வைத்திருந்தால் 1,320 டொலர் வந்திருக்கும்.

"என் பிட்கொயின் ஜோடி முறை டொலரில் இவ்வளவு தந்தது" என்று யாராவது காட்டினால் நான் முதலில் கேட்பது, அந்தக் காலத்தில் எத்தனை நாள் அவர் சந்தைக்குள் இருந்தார் என்பதுதான். அரிதாக வியாபாரம் செய்யும் முறையாக இருந்தால், அந்த லாபத்தில் பெரும்பகுதி பிட்கொயின் தானாக ஏறியதால் வந்தது. சந்தை இறங்கும் ஆண்டில் இதே முறை டொலரில் படுமோசமாகத் தெரியும். அப்போதும் குற்றம் சைகையில் இல்லாமல் இருக்கலாம்.

## 5. நிழல் கணக்குத் தாளைப் போடுங்கள்

பணத்தை ஒரே தடவையில் போட்டவர்களுக்கு வகுத்தல் போதும். நம்மில் பலர் சம்பளம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறவர்கள். அவர்களுக்குச் சுலபமான வழி ஒரு நிழல் கணக்கு: பணம் போட்ட ஒவ்வொரு நாளும் அந்தப் பணத்துக்குப் பிட்கொயின் மட்டும் வாங்கியிருந்தால் இன்று எவ்வளவு இருக்கும் என்று கூடவே எழுதிவருவது.

தாளில் A தேதி. B அன்று பணம் போட்ட பிறகு கணக்கின் மொத்த மதிப்பு, யூஎஸ்டிடியில். C அன்று போட்ட பணம். எடுத்திருந்தால் கழித்தல் குறியோடு. இரண்டும் இல்லையென்றால் 0. D அன்றைய `BTCUSDT` விலை. மற்றதைத் தாளே செய்யும்:

```
E2: =C2/D2
F2: =SUM(E$2:E2)
G2: =B2/D2
H2: =G2/F2-1
```

F உங்கள் நிழல் பிட்கொயின். G உங்கள் உண்மையான கணக்கு பிட்கொயினில் எவ்வளவு என்பது. H இரண்டுக்கும் உள்ள இடைவெளி.

மருமகனின் எண்களைப் போட்டோம். ஜனவரியில் 500ஐ 42,300ஆல் வகுத்தால் 0.01182. ஜூலைத் தொடக்கத்தில் பிட்கொயின் சுமார் 62,800. அடுத்த 500க்கு 0.00796. நிழல் கணக்கில் மொத்தம் 0.01978 பிட்கொயின். அவன் கையில் உண்மையில் இருந்த ஈதர்: ஜனவரியில் 2,280 விலைக்கு 0.2193, ஜூலையில் 3,440 விலைக்கு 0.1453, மொத்தம் 0.3646. ஆண்டு முடிவில் 3,330ஆல் பெருக்கினால் 1,214 டொலர். அதைப் பிட்கொயினாக்கினால் 0.0130. கட்டணங்களை நான் சேர்க்கவில்லை.

H கட்டத்தில் கழித்தல் 34 சதவீதம் வந்தது. நிழல் கணக்கின் மதிப்பு 1,848 டொலர். அவன் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் "ஜனவரியில வாங்கினது மட்டும்தானே இறங்கியிருக்கும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் ஜூலையில் வாங்கியதையும் தனியாகப் போட்டுப் பார்த்தோம். `ETHBTC` அப்போது 0.0548, முடிவில் 0.0357. அதுவும் 35 சதவீதம் கீழே. டொலரிலும் 3,440இல் இருந்து 3,330, சிறு நட்டம். டொலர் திரை இரண்டையும் கூட்டிப் பச்சையாக்கியதால் இரண்டாவது வாங்கல் கண்ணிலேயே படவில்லை.

இந்தத் தாளில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. D வரிசை முழுவதிலும் இன்றைய பிட்கொயின் விலையையே போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் எல்லா வரியும் ஒரே எண்ணால் வகுபடும். பிட்கொயினில் அளப்பதாக நினைத்துக்கொண்டு மறுபடியும் டொலரையே அளப்பீர்கள். சோதிக்க ஒரு வழி: H இல் வரும் சதவீதமும் திரையின் டொலர் சதவீதமும் ஒன்றாக வந்தால் D வரிசையைத் திறந்து பாருங்கள். எல்லா வரியிலும் ஒரே விலை நின்றால் பிழை அங்கேதான்.

## 6. இப்போது ஜோடியைத் தெரிவு செய்யுங்கள்

அளவுகோல் முடிவாகிவிட்டதால் ஜோடித் தெரிவு வெறும் செலவுக் கணக்கு. பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. ஈதர் மாதிரிப் பெரிய கொயின்களில் இரண்டு ஜோடியிலும் இது மிகச் சிறியது. சின்னக் கொயின்களில் பிட்கொயின் ஜோடி வெறிச்சோடிக் கிடக்கும். உதாரணமாக, ஒரு கொயினின் பிட்கொயின் ஜோடியில் இடைவெளி 0.4 சதவீதம், கட்டணம் 0.1 என்று வைப்போம். ஒரு பக்கம் கடக்க பாதி இடைவெளியும் கட்டணமும்: 0.3 சதவீதம். அதே கொயினின் யூஎஸ்டிடி ஜோடியில் இடைவெளி 0.05 என்றால், பிட்கொயினை விற்று யூஎஸ்டிடி, யூஎஸ்டிடி கொடுத்துக் கொயின் என இரண்டு கட்டணம் கட்டினாலும் சுமார் 0.225 சதவீதம். சுற்றுவழிதான் மலிவு. ஆனால் இரண்டு படிகளுக்கும் நடுவில் காத்திருக்கக் கூடாது. காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் பிட்கொயினுக்கு வெளியே நிற்கிறீர்கள்.

இரண்டாவது, விலையின் மிகச் சிறிய படி. பிட்கொயின் ஜோடிகளில் விலை வழக்கமாக ஒரு சதோஷிக்குக் கீழே பிரியாது, அதாவது 0.00000001. ஒரு கொயினின் விலை 200 சதோஷி என்றால், அது நகரக்கூடிய மிகச் சிறிய அளவே அரை சதவீதம். வரைபடம் படிக்கட்டு மாதிரி இருக்கும். அதில் ஓடும் எந்தச் சராசரிக் கோடும் குறிகாட்டியும் உண்மையில் இல்லாத தாவல்களைக் காட்டும். பழைய விலைகளில் முறையை ஓட்டிப் பார்க்கும் பரிசோதனை ஓட்டத்தில் 199க்கு வாங்கி 200க்கு விற்று அரை சதவீத லாபம் என்று நிரல் எழுதும். நிஜத்தில் 199இல் உங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும், உங்கள் முறை வராது. விலை சில நூறு சதோஷிக்குக் கீழே இருக்கும் எதையும் நான் பிட்கொயின் ஜோடியில் தொடுவதில்லை.

ஜோடியே இல்லாத கொயினைப் பிட்கொயினில் பார்க்க வேண்டுமென்றால் ட்ரேடிங்வியூ வரைபடத் தளத்தின் தேடல் பெட்டியில் வகுத்தலாகவே எழுதலாம். மாதிரிக்கு ஈதரை எடுத்தால்:

```
BINANCE:ETHUSDT/BINANCE:BTCUSDT
```

இதில் மூடும் விலையை நம்பலாம். மெழுகுவர்த்தியில் உச்சத்தையும் தாழ்வையும் காட்டும் மேல், கீழ்த் திரிகளை நம்ப வேண்டாம். இரண்டு கொயினும் ஒரே நிமிடத்தில் உச்சம் தொட்டிருக்க வேண்டியதில்லை; வகுத்து வரும் திரி யாரும் வியாபாரம் செய்யாத ஒரு விலையாக இருக்கலாம்.

## 7. நிறுத்த விலையை அந்த ஜோடியின் கண்ணால் வையுங்கள்

பிட்கொயின் ஜோடியில், விலை அங்கே இறங்கினால் தானாக விற்றுவிடும் நிறுத்த விலையை 8 சதவீதம் கீழே வைத்தவர், தன் டொலரை 8 சதவீதத்தோடு காப்பாற்றிவிட்டதாக நம்புகிறார். இல்லை. பிட்கொயினும் கொயினும் சேர்ந்து 20 சதவீதம் விழுந்தால் அந்த ஜோடி அசையவே அசையாது. நிறுத்த விலை தூங்கும். டொலரில் ஐந்தில் ஒன்று போய்விட்டிருக்கும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். பிட்கொயின் 12 சதவீதம் ஏறி, உங்கள் கொயின் 3 சதவீதம் மட்டும் ஏறினால், 1.03ஐ 1.12ஆல் வகுக்க 0.92. ஜோடி 8 சதவீதம் விழுந்து நிறுத்த விலை அடித்துவிடும். டொலரில் லாபத்தில் இருந்த வியாபாரம் பதிவில் நட்டம் என்று நிற்கும். வெற்றி விகிதம் என்று சொல்கிறார்களே, அது இப்படித்தான் ஜோடியை மாற்றியதும் தலைகீழாகிறது. பிட்கொயின் வேகமாக ஏறும் மாதத்தில் பிட்கொயின் ஜோடியில் தொடர்ந்து நிறுத்த விலை அடித்தால், முறை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

விதி எளிது. காக்க நினைப்பது டொலரை என்றால் யூஎஸ்டிடி ஜோடியில் வாங்கி அங்கேயே நிறுத்த விலை வையுங்கள். பிட்கொயின் எண்ணிக்கையைக் காக்க நினைத்தால் மட்டும் பிட்கொயின் ஜோடி. ஒன்றில் வாங்கி மற்றதன் வரைபடத்தைப் பார்த்து விற்பவர் இரண்டையும் காப்பதில்லை.

## 8. பரிசோதனை ஓட்டத்தை இரண்டு முறை வாசியுங்கள்

ஃப்ரீக்ட்ரேட் போன்ற கருவியில் பழைய தரவில் முறையை ஓட்டிப் பார்ப்பவர்கள் கட்டமைப்பில் `stake_currency` என்ற வரியைக் கவனியுங்கள். அங்கே `USDT` இருந்தால் அறிக்கையின் லாபம் எல்லாம் யூஎஸ்டிடியில். `BTC` இருந்தால் பிட்கொயினில். அறிக்கையில் வரும் `Market change` வரியும் அதே நாணயத்தில்தான் சந்தையின் மாற்றத்தைச் சொல்கிறது. ஆகவே பிட்கொயினில் ஓட்டிய முறையின் லாபத்தை இன்னொருவரின் யூஎஸ்டிடி அறிக்கையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். முறை அந்த வரியைத் தாண்டுகிறதா என்பதை முதலில் பாருங்கள், அப்புறம் 5ஆம் படியின் தாளில் போட்டு மற்ற நாணயத்திலும் பாருங்கள். ஏறிய ஆண்டு ஒன்று, இறங்கிய ஆண்டு ஒன்று என 2024ஐயும் 2022ஐயும் தனித்தனியாக ஓட்டினால் பிட்கொயினின் பங்கு எவ்வளவு என்று பளிச்சென்று தெரியும்.

## 9. யூஎஸ்டிடியும் அசையும், ரூபாயும் அசையும்

யூஎஸ்டிடி ஜோடி என்றால் டொலர் ஜோடி என்று இவ்வளவு நேரமும் எழுதினேன். பெரும்பாலான நாட்களில் அது சரி. ஆனால் 2023 மார்ச்சில் சிலிக்கன் வேலி வங்கி விழுந்தபோது, அங்கே 330 கோடி டொலர் வைத்திருந்த, யூஎஸ்டிடி மாதிரி டொலருக்குச் சமமாக நிற்க வேண்டிய இன்னொரு ஸ்டேபிள்கொயினான யூஎஸ்டிசி சில மணி நேரம் 90 சதத்துக்கும் கீழே போனது. அந்த நேரத்தில் யூஎஸ்டிசி ஜோடிகளில் பிட்கொயின் விலை எகிறியதாகத் தெரிந்தது. பிட்கொயின் எகிறவில்லை, அளக்கிற படி சுருங்கியது. அப்படி ஒரு நாள் உங்கள் தாளில் விழுந்தால், அந்த வரிக்கு வேறொரு ஸ்டேபிள்கொயின் ஜோடியின் விலையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நம் ஊரில் இன்னொரு அடுக்கும் உண்டு. பிட்கொயின் 2022இல் டொலரில் 64 சதவீதம் விழுந்தது. அதே ஆண்டு ரூபாய் டொலருக்கு 200 அளவில் இருந்து சுமார் 363க்குப் போனது. ரூபாயில் அளந்தால் பிட்கொயின் நட்டம் 35 சதவீதம்தான். அந்த ஆண்டு "அவ்வளவு மோசமில்லை" என்று சொன்ன கொழும்பு நண்பர்கள் பலர், பிட்கொயினைப் பற்றிப் பேசவில்லை. ரூபாயைப் பற்றிப் பேசினார்கள்.

ரூபாயில் அளப்பவர்கள் மத்திய வங்கி விகிதத்தை எடுக்காதீர்கள். இந்த நாணயங்கள் இங்கே ஒழுங்குபடுத்தப்பட்டவை அல்ல என்று மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. டெபிட், கிரெடிட் அட்டைகளை இதற்குப் பயன்படுத்த அனுமதியில்லை என்பது 2021இல் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த பணிப்பு. அதனால் பலரும் ஆளுக்கு ஆள் விற்கும் வழியில்தான் யூஎஸ்டிடி எடுக்கிறார்கள். அங்கே வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை வேறொன்று. உள்ளே வந்த நாளில் நீங்கள் உண்மையில் கொடுத்த ரூபாயையும், வெளியே போகும் நாளில் உண்மையில் கைக்கு வந்த ரூபாயையும் தாளில் தனி வரிசைகளாக எழுதுங்கள். நடுவில் நடந்த வியாபாரத்தை அதோடு கலக்க வேண்டாம்.

மருமகன் இப்போது மாதத்துக்கு ஒரு வரி சேர்க்கிறான். H வரிசைக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருக்கிறான். ஈதரை விற்கவில்லை. "இது ஈதர் பிட்கொயினை முந்தும் என்ற பந்தயம், இப்ப தெரிஞ்சுதான் வச்சிருக்கிறன்" என்கிறான். ஆனால் புதிதாகப் போடும் பணத்துக்கு மட்டும் பிட்கொயின் வாங்குகிறான்.